பஸ் கட்டண அட்டையை போட்டோ எடுத்தாச்சு... நம்ம குடும்பத்துக்கு டிக்கெட் எவ்வளவு? கணக்குப் போடுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். முந்தின நாள் அதே பஸ்ஸில் வந்த தம்பி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கட்டண அட்டையை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். அடுத்த பத்து நிமிடத்தில் அப்பா 53 ரூபாய் என்கிறார், அக்கா 92 என்கிறாள், மாமா 105 என்கிறார். அட்டை ஒன்றுதான், குடும்பமும் ஒன்றுதான். ஆனால் விடை மட்டும் மூன்று. மூன்றுமே தப்பு என்பதுதான் வேடிக்கை!

எங்கே தப்பு நடக்கிறது, சரியான தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மாதிரி அட்டையை வைத்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படிக்கட்டு மாதிரி இருக்கிற அட்டை

கட்டண அட்டைகள் பெரும்பாலும் படிக்கட்டு வடிவில் இருக்கும். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் ஒரு ஊர்ப் பெயர். இந்தப் பெயர்களைத்தான் 'ஸ்டேஜ்' என்கிறோம். நம் உதாரணத்துக்கு ஆறு ஸ்டேஜ் உள்ள ஒரு மொபசல் சாதாரண பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். பெயர்களும் தொகைகளும் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.

```
பழைய பஸ் ஸ்டாண்ட்
 6  மில் கேட்
11   6  நால்ரோடு
18  12   7  ஆத்துப்பாலம்
24  18  13   6  சந்தைப்பேட்டை
28  23  18  11   6  மலையடிவாரம்
```

படிப்பது சுலபம். நீங்கள் ஏறும் ஸ்டேஜின் பெயரில் விரலை வைத்து நேராகக் கீழே இறங்குங்கள். இறங்கும் ஸ்டேஜின் வரிசை வந்ததும் நில்லுங்கள். அங்கே இருக்கும் எண்தான் ஒரு ஆளுக்கான முழுக் கட்டணம். மில் கேட்டில் ஏறி சந்தைப்பேட்டையில் இறங்கினால், மில் கேட்டுக்குக் கீழே 6, 12, 18 என்று போகும். மூன்றாவதாக வரும் 18தான் சந்தைப்பேட்டை வரிசை. ஆக 18 ரூபாய்.

திரும்பி வரும்போது? அதே கட்டம்தான். சந்தைப்பேட்டையிலிருந்து மில் கேட்டுக்கும் 18. அட்டையில் பாதி முக்கோணம் மட்டும் அச்சடிக்கக் காரணமே இதுதான். மீதிப் பாதி இதன் கண்ணாடிப் பிம்பம்.

ஸ்டாப் வேற, ஸ்டேஜ் வேற

முதல் குழப்பம் இங்கேதான். பஸ் நிற்கும் இடமெல்லாம் ஸ்டேஜ் அல்ல. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே நாலைந்து ஸ்டாப் இருக்கலாம். அவற்றின் பெயர் அட்டையில் இருக்காது.

நம் குடும்பம் ஏறுவது ரேஷன் கடை ஸ்டாப்பில். அது மில் கேட்டைத் தாண்டி, நால்ரோட்டுக்கு முன்னால் இருக்கிறது. இறங்குவது கோயில் ஆர்ச்சில். அது சந்தைப்பேட்டையைத் தாண்டி, மலையடிவாரத்துக்கு முன்னால் இருக்கிறது. இரண்டு பெயருமே அட்டையில் இல்லை. அப்போது என்ன செய்வது?

விதி இதுதான். நடுவில் ஏறினால், பஸ் கடைசியாகத் தாண்டி வந்த ஸ்டேஜிலிருந்து கட்டணம். நடுவில் இறங்கினால், பஸ் அடுத்துத் தொடப்போகும் ஸ்டேஜ் வரைக்கும் கட்டணம். அதாவது உங்கள் பயணத்தை இரண்டு பக்கமும் நீட்டி, முழு ஸ்டேஜாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே இந்தக் குடும்பத்துக்கு ஏறுமிடம் மில் கேட், இறங்குமிடம் மலையடிவாரம். மில் கேட்டிலிருந்து கீழே இறங்கி கடைசி வரிசைக்குப் போனால் 23 ரூபாய்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? "ரேஷன் கடையிலிருந்து நால்ரோடு கூப்பிடு தூரம்தானே, கோயில் ஆர்ச்சும் சந்தைப்பேட்டைக்குப் பக்கம்தானே" என்று நால்ரோடு முதல் சந்தைப்பேட்டை வரை பார்த்துவிட்டார். அந்தக் கட்டத்தில் இருப்பது 13. ஒரு ஆளுக்கே 10 ரூபாய் குறைந்துவிட்டது. 'பக்கத்தில் இருக்கிற ஸ்டேஜ்' என்று எடுப்பது வழக்கமான தவறு. தூரம் முக்கியமல்ல, பஸ் போகும் திசைதான் முக்கியம்.

திரும்பும் பயணத்திலும் இதே விதிதான். கோயில் ஆர்ச்சில் ஏறும்போது பஸ் கடைசியாகத் தாண்டி வந்தது மலையடிவாரம். ரேஷன் கடையில் இறங்கும்போது அடுத்து வருவது மில் கேட். எனவே அதே 23. போகும்போது ஒரு தொகை, வரும்போது வேறு தொகை என்று உங்கள் கணக்கில் வந்தால், ஏதோ ஒரு பக்கம் முன்-பின் ஸ்டேஜை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

போட்டோவை நம்பலாமா?

அட்டையை நேரில் பார்ப்பது வேறு, ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு எடுத்த போட்டோவில் பார்ப்பது வேறு. போன் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நேர்கோடுகள் சரிந்துவிடும். விரலை நேராக இறக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டே பக்கத்துப் பத்திக்குத் தாவிவிடுவோம். லேமினேஷன் மேல் வெளிச்சம் பட்டால் 3 என்பது 8 போலத் தெரியும், 11 என்பது 17 ஆகிவிடும்.

படித்த எண் சரிதானா என்று சோதிக்க, அட்டைக்குள்ளேயே இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ஏறுமுகச் சோதனை. ஒரு பெயரிலிருந்து கீழே போகப் போக எண் கூட வேண்டும், ஏனென்றால் தூரம் கூடுகிறது. மில் கேட்டுக்குக் கீழே 6, 12, 18, 23. சரியாக ஏறுகிறது. ஒருவேளை கடைசி எண்ணை 18 என்று படித்திருந்தால்? சந்தைப்பேட்டைக்கும் 18, அதற்கு அடுத்த மலையடிவாரத்துக்கும் 18 என்றாகிறது. ஒரு ஸ்டேஜ் கூடுதலாகப் போக காசே இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். உண்மையில் அந்த 18 பக்கத்துப் பத்தியில், நால்ரோட்டுக்குக் கீழே இருப்பது.

இரண்டு, துண்டு டிக்கெட் சோதனை. அதே பயணத்தை நடுவில் உடைத்து இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மில் கேட்டிலிருந்து சந்தைப்பேட்டை 18, சந்தைப்பேட்டையிலிருந்து மலையடிவாரம் 6. மொத்தம் 24. உடைத்து எடுத்தால் குறைந்தபட்சக் கட்டணமும் ரூபாய் முழுமையாக்கலும் இரண்டு தடவை சேர்வதால், அந்தத் தொகை ஒரே டிக்கெட்டுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோதான் இருக்கும். ஒரே டிக்கெட் 23, உடைத்தால் 24. பொருந்துகிறது. யாராவது இதை 28 என்று படித்திருந்தால், உடைத்து எடுப்பதைவிட ஒரே டிக்கெட் 4 ரூபாய் அதிகம் என்றாகிவிடும். அது இடது பக்கப் பத்தியின் எண். பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறுகிறவர்களுக்கானது.

போட்டோ எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்களை மட்டும் நெருங்கி எடுக்காதீர்கள். தலைப்பும் அடிக்குறிப்பும் சேர்ந்து விழுகிற மாதிரி ஒரு படம் கட்டாயம் வேண்டும். ஏன் என்பது அடுத்து வருகிறது.

தலைப்பில் என்ன இருக்கு?

அட்டையின் தலைப்பில் பார்க்க வேண்டியது பஸ்ஸின் வகையும் கட்டணம் அமலுக்கு வந்த தேதியும்.

தமிழ்நாட்டில் 2018 ஜனவரி 20 அன்று பஸ் கட்டணம் உயர்ந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அதே மாதம் 29ஆம் தேதி முதல் கொஞ்சம் குறைக்கப்பட்டது. மொபசல் சாதாரண பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 42 பைசாவாக இருந்தது முதலில் 60 ஆகி, பிறகு 58 பைசாவில் நின்றது. எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்கு 80 பைசா என்று அறிவித்தது 75 ஆனது.

இந்த 58, 75 என்ற இரண்டு எண்களை ஞாபகம் வைத்துக்கொண்டால் ஒரு தோராயச் சோதனை கையில் கிடைத்துவிடும். நம் உதாரணத்தில் மில் கேட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் 38 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 38 × 58 பைசா = 22 ரூபாய் 4 பைசா. ரூபாய்க்கு முழுமையாக்கினால் அட்டையின் 23க்குப் பொருந்துகிறது. அதே தூரத்துக்கு 75 பைசா போட்டால் 28 ரூபாய் 50 பைசா வரும். ஆக, தம்பி போட்டோ எடுத்தது சாதாரண பஸ்ஸில், நீங்கள் ஏறுவது எக்ஸ்பிரஸில் என்றால் ஆளுக்கு ஐந்தாறு ரூபாய் வித்தியாசம் வரும். சுங்கச்சாவடி உள்ள தடத்தில் அட்டைத் தொகை இந்தத் தோராயத்தைவிடக் கொஞ்சம் தள்ளி இருக்கலாம். ஆனால் பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்தால், பஸ் வகையையோ கட்டத்தையோ மாற்றிப் பார்த்திருக்கிறோம் என்று பொருள்.

'பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, அம்மாவுக்கும் பாட்டிக்கும் ஏன் கணக்கு?' என்று சிலர் கேட்கலாம். 2021 மே 8 முதல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில், அதாவது டவுன் பஸ்ஸில். 'சாதாரண' என்ற சொல் டவுன் பஸ்ஸுக்கும் உண்டு, மொபசல் பஸ்ஸுக்கும் உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பம். நம் உதாரணம் ஊர் விட்டு ஊர் போகிற மொபசல் பஸ். எனவே அம்மாவுக்கும் பாட்டிக்கும் முழு டிக்கெட்தான்.

குழந்தைகளுக்கு எவ்வளவு? அடிக்குறிப்பைப் பாருங்க

நம் குடும்பத்தில் ஆறு பேர். பாட்டி, அப்பா, அம்மா, 11 வயது மகன், 8 வயது மகள், 4 வயது கடைக்குட்டி.

அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் குழந்தைகளுக்கான விதி இருக்கும். இங்கேதான் பழைய அட்டைகள் காலை வாரும். முன்பு 3 வயது வரை இலவசம், 3 முதல் 12 வரை அரை டிக்கெட் என்று இருந்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் போக்குவரத்துத் துறை அமைச்சர், அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார். ஆக இப்போது அரசு பஸ்ஸில் 5 வயது வரை இலவசம், அதற்கு மேல் 12 வரை அரை டிக்கெட்.

ஆனால் கட்டண எண்கள் 2018இல் முடிவானவை. அந்த அட்டை கிழியாமல் இருந்தால், அதன் அடிக்குறிப்பில் பழைய '3 வயது' அப்படியே இருக்கும். எண்கள் சரி, விதி மட்டும் பழசு! குரூப்பில் மாமா கணக்கு தவறியது இதனால்தான். 4 வயதுக் குழந்தைக்கும் அரை டிக்கெட் போட்டுவிட்டார்.

அடுத்தது அரை டிக்கெட்டின் தொகை. 23இல் பாதி 11 ரூபாய் 50 காசு. இந்த 50 காசை என்ன செய்வது? நம் மாதிரி அட்டையின் அடிக்குறிப்பு 'பாதி வரும்போது அடுத்த முழு ரூபாய்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது அரை டிக்கெட் 12 ரூபாய். கவனிக்க வேண்டியது, முழு ரூபாயாக்குவது ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனியாக நடக்கும். இரண்டு பிள்ளைகளுக்கு 12 + 12 = 24.

அக்கா தவறியது இந்த இடத்தில். "ரெண்டு அரை சேர்ந்தா ஒரு முழுசுதானே" என்று 23 போட்டுவிட்டாள். முழுக் கட்டணம் இரட்டைப்படை எண்ணாக இருந்தால் அவள் கணக்கு சரியாக வந்திருக்கும். ஒற்றைப்படையாக இருந்ததால் ஒரு ரூபாய் குறைந்தது. ஒரு ரூபாய்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் கண்டக்டர் சொல்லும் தொகைக்கும் உங்கள் கணக்குக்கும் அந்த ஒரு ரூபாய் இடிக்கும்போது, யார் தப்பு என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

மொத்தக் கணக்கு

இப்போது எல்லாம் கையில் இருக்கிறது.

முழு டிக்கெட்: பாட்டி, அப்பா, அம்மா. 3 × 23 = 69
அரை டிக்கெட்: மகன், மகள். 2 × 12 = 24
இலவசம்: கடைக்குட்டி. 0
ஒரு வழிக்கு மொத்தம்: 93 ரூபாய். போக வர 186 ரூபாய்.

போனில் ஷீட் வைத்திருப்பவர்கள் இப்படிப் போடலாம்:

```
=3*23 + 2*ROUNDUP(23/2, 0)
```

விடை 93. இதில் `ROUNDUP` அடைப்புக்குள் `23/2` மட்டும் இருக்க வேண்டும். பெருக்கும் 2ஐயும் உள்ளே தள்ளி `ROUNDUP(2*23/2, 0)` என்று எழுதினால், அக்காவின் 92 வந்துவிடும்.

மற்ற இரண்டு விடைகளையும் இப்போது அடையாளம் காணலாம். அப்பா 13 ரூபாய் கட்டத்தைப் பார்த்தார். மூன்று முழு 39, அரை டிக்கெட் 7 வீதம் இரண்டுக்கு 14, ஆக 53. மாமா பழைய விதிப்படி மூன்று அரை டிக்கெட் போட்டார். 69உடன் 36 சேர்ந்து 105. ஒவ்வொரு தவறும் தனக்கென்று ஒரு தொகையை விட்டுச்செல்கிறது. அதனால் உங்கள் கணக்கும் கண்டக்டர் கணக்கும் இடித்தால், முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு ரூபாய் என்றால் முழுமையாக்கல். ஒரு அரை டிக்கெட் அளவு என்றால் குழந்தையின் வயது. அதைவிடப் பெரிதாக, எல்லார் டிக்கெட்டிலும் ஒரே மாதிரி வித்தியாசம் என்றால் ஸ்டேஜ் அல்லது பஸ் வகை.

பிறந்த நாள் பக்கத்தில் இருந்தால்?

வயது எல்லையில் இருக்கும் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு ஒரே நாளில் மாறும். '12 வயது வரை' என்று பேச்சில் சொல்வோம். அடிக்குறிப்பில் '12 வயது நிறைவடையாத' என்று இருந்தால், பன்னிரண்டாவது பிறந்த நாள் வந்துவிட்ட பிள்ளைக்கு முழு டிக்கெட். '12 வயதுக்கு மேற்பட்ட' என்று இருந்தால் அர்த்தம் வேறு. அந்த ஒற்றைச் சொல்லைப் படியுங்கள்.

மகனுக்கு முழு டிக்கெட் என்றானால், 4 × 23 = 92, மகளுக்கு 12, மொத்தம் 104. அதாவது 11 ரூபாய் கூடும். உயரமான பிள்ளையைப் பார்த்து கண்டக்டர் வயது கேட்பது சகஜம். ஆதாரின் அல்லது பிறப்புச் சான்றிதழின் படம் போனில் இருந்தால் பேச்சு அதோடு முடியும்.

கொஞ்சம் நடந்தால் மிச்சமாகுமா?

ஸ்டேஜ் விதி தெரிந்தவுடன் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. ரேஷன் கடை ஸ்டாப்புக்குப் பதிலாக நால்ரோட்டுக்கே நடந்து போய் ஏறினால்? நால்ரோட்டிலிருந்து மலையடிவாரம் 18 ரூபாய். மூன்று முழு 54, அரை டிக்கெட் 9 வீதம் இரண்டுக்கு 18. மொத்தம் 72. ஒரு வழிக்கு 21 ரூபாய் மிச்சம்.

தினமும் தனியாக வேலைக்குப் போகிறவருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். ஆளுக்கு 5 ரூபாய் வீதம், போக வர 10 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 250 ரூபாய். பாட்டியையும் கடைக்குட்டியையும் பொங்கல் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போகிற நாளில், ரேஷன் கடை ஸ்டாப்பிலேயே ஏறிவிடுவது நல்லது.

டிக்கெட் கைக்கு வந்ததும்

கண்டக்டரிடம் தொகையைச் சொல்லிக் கேட்காதீர்கள். இடத்தையும் ஆளையும் சொல்லுங்கள். "கோயில் ஆர்ச், மூணு ஃபுல், ரெண்டு ஹாஃப். சின்னவனுக்கு நாலு வயசுங்க" என்றால் போதும்.

டிக்கெட்டில் மூன்றே இடத்தைப் பாருங்கள். ஏறிய ஸ்டேஜ் மில் கேட் என்று இருக்கிறதா? இறங்கும் ஸ்டேஜ் மலையடிவாரமா? ஃபுல் 3, ஹாஃப் 2 என்று சரியாக விழுந்திருக்கிறதா? மூன்றும் சரியென்றால் தொகையும் சரியாகத்தான் இருக்கும். ஏறிய ஸ்டேஜ் 'பழைய பஸ் ஸ்டாண்ட்' என்றே இருந்தால், பஸ் மில் கேட்டைத் தாண்டியும் மெஷினில் ஸ்டேஜ் மாற்றப்படவில்லை என்று அர்த்தம். அப்போது ஆளுக்கு 28 ரூபாய், மொத்தம் 112 ஆகிவிடும். "அண்ணே, நாங்க ரேஷன் கடையில ஏறினோம், மில் கேட்ல இருந்துதானே போடணும்?" என்று உடனே சொல்லுங்கள். நாலு ஸ்டேஜ் தாண்டிய பிறகு சொன்னால், எங்கே ஏறினீர்கள் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கணக்கு 93 என்று முன்பே தெரிந்துவிட்டதால் இன்னொரு வசதியும் உண்டு. நூறு ரூபாய் நோட்டோடு மூன்று ரூபாய் சில்லறையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் ஒரே நோட்டாகத் திரும்பி வந்துவிடும். 'சில்லறை அப்புறம் வாங்கிக்கோங்க' என்று டிக்கெட்டின் பின்னால் கண்டக்டர் எழுத வேண்டிய வேலையே இருக்காது.